அரைத்த சாப்பாட்டை அம்மம்மா விரும்பிச் சாப்பிட என்ன செய்யலாம்?

"அம்மம்மாவுக்கு விழுங்கக் கஷ்டம். சோறு, மீன், பூசணி எல்லாத்தையும் ஒண்டா அரைச்சுக் குடுத்தா முகத்தைத் திருப்புறா. என்ன செய்யிறது?"

அரைத்த உணவு என்றால் கட்டியே இல்லாத, கரண்டியில் குவிந்து நிற்கும் களி. கொத்திய உணவில் 4 மில்லிமீற்றர் அளவுத் துணுக்குகள் ஈரமாக இருக்கும். எது பொருந்தும் என்பதைப் பேச்சுச் சிகிச்சையாளர் விழுங்குவதைப் பார்த்துச் சொல்வார்.

ஒன்றாக அரைத்தால் சாம்பல் நிறம்தான் வரும், எதன் ருசியும் தெரியாது. ஆகவே தனித்தனியாக அரையுங்கள். மீனை அவித்து, விரலால் இரண்டு தடவை தடவி முள் எடுங்கள். பிறகு தண்ணீருக்குப் பதில் கெட்டியான சொதி விட்டு அரைத்து வடியுங்கள். கறிவேப்பிலை, கடுகு, மிளகாய்த் தோல் வடியில் தங்கிவிடும். வாசம் மட்டும் இறங்கும். பூசணியையும் கட்டியில்லாமல் மசித்து வடியுங்கள். சோறுதான் சிக்கல்: அரைத்தால் பசைபோல் தொண்டையில் ஒட்டும். குழைய வேகவைத்து, சூட்டோடு தேங்காய்ப்பால் சேர்த்து அரையுங்கள். வெள்ளை, மஞ்சள், மீன் என்று தட்டில் தனித்தனிக் குவியலாக வையுங்கள். அம்மம்மா கண்ணால் பார்த்தே இன்னதென்று அறிவார்.

கரண்டியைச் சரித்துப் பாருங்கள். ஒரே கட்டியாக வழுக்கி விழுந்தால் சரி. ஒட்டிக்கொண்டால் இன்னும் சொதி வேண்டும். ஒழுகினாலோ, ஓரத்தில் நீர் பிரிந்தாலோ கொடுக்காதீர்கள்.

"தண்ணியாக இருந்தால் லேசாக இறங்கும்" என்பது தவறு: ரயில் கடவை மூடுமுன் மோட்டார் சைக்கிள் நுழைவதுபோல, மூச்சுக்குழாய் மூடுமுன் நீர் உள்ளே போய்விடும்.