சால்ட் போட்ட பிறகும் MD5 ஏன் போதாது?

கேள்வி: பாஸ்வேர்டுக்கு சால்ட் சேர்த்து MD5 போடுகிறேன். இது போதாதா? உடைக்க எவ்வளவு நேரமாகும் என்று எப்படிக் கணக்கிடுவது?

போதாது. சால்ட் ரகசியம் அல்ல. ஹாஷுக்குப் பக்கத்திலேயேதான் கிடக்கும். ஒரே பாஸ்வேர்டு வைத்த இருவருக்கு வேறு வேறு ஹாஷ் வரச் செய்வதுதான் அதன் வேலை. அதனால் முன்கூட்டியே தயாரித்த அட்டவணை பயன்படாது, ஒவ்வொருவரையும் தனித்தனியாக உடைக்க வேண்டும். 2012-ல் லிங்க்ட்இன்னில் கசிந்தவை சால்ட் இல்லாத SHA-1 ஹாஷ்கள். அங்கே ஒரு ஊகத்தை எல்லாருடைய ஹாஷோடும் ஒரே நேரத்தில் ஒப்பிட முடிந்தது.

ஆனால் ஒரே ஆளைக் குறிவைத்தால் சால்ட் வேகத்தைக் குறைக்காது. கணக்குப் போடுவோம். சின்ன எழுத்துகள் எட்டு என்றால் 26^8, அதாவது சுமார் 20,900 கோடி வாய்ப்புகள். ஒரு RTX 4090 கிராபிக்ஸ் அட்டை நொடிக்கு ஏறத்தாழ 16,000 கோடி MD5 போடும். ஒன்றரை நொடிகூட ஆகாது!

வேண்டுமென்றே மெதுவாக ஓடும்படி செய்த பிகிரிப்ட் ஹாஷுக்கு இதே கணக்கைப் போடும்போது பலர் சறுக்குவார்கள்.

```
hashcat -b -m 3200
```

ஹாஷ் உடைக்கும் கருவியான hashcat-ன் இந்த வேகச் சோதனை, அதே அட்டையில் நொடிக்கு சுமார் 1,84,000 என்று காட்டும். அது காஸ்ட் 5-க்கான வேகம். காஸ்ட் ஒன்று கூடினால் வேலை இரட்டிக்கும். உங்கள் ஹாஷ் `$2b$12$` என்று தொடங்கினால் காஸ்ட் 12, அதாவது 5-ஐவிட ஏழு கூட. அதனால் 2^7, அதாவது 128-ஆல் வகுக்க வேண்டும். மிஞ்சுவது நொடிக்கு சுமார் 1,400. முழுதும் தேடி முடிக்க நாலரை ஆண்டுக்கு மேல். சராசரியாக அதில் பாதியில் சிக்கும்.

இதெல்லாம் தற்செயலாகத் தேர்ந்த எழுத்துகளுக்கு. பாஸ்வேர்டு `iloveyou` என்றால், அதிகம் புழங்கும் 10,000 சொற்களின் பட்டியலை ஓட்டி முடிக்க ஏழே நொடி.