வளைவு அந்தப் புள்ளி வழியாகப் போகாது: ஈஸிங் கேள்வி-பதில்

கே: CSS-இல் அனிமேஷனின் வேக வளைவைச் சொல்லும் `cubic-bezier()`-இன் நான்கு எண்களில் முதல் எண்ணை -0.2 என்று போட்டேன், அனிமேஷனே ஓடவில்லை. ஏன்?

நான்கு எண்களும் சேர்ந்து இரண்டு புள்ளிகள்: முதல் எண்ணும் மூன்றாம் எண்ணும் நேரம், மற்ற இரண்டும் தூரம். நேரம் பின்னால் போகாது, அதனால் அவை 0-க்கும் 1-க்கும் இடையில்தான் இருக்க வேண்டும். மீறினால் உலாவி அந்த வரியையே தூக்கி எறிந்துவிடும். நீங்கள் எல்லாவற்றையும் `transition` என்ற ஒரே வரியில் எழுதியிருப்பீர்கள், கால அளவும் அதோடு போயிருக்கும்.

கே: `ease` என்பது `0.25, 0.1, 0.25, 1`. அதாவது கால்வாசி நேரத்தில் 10% நகர்ந்திருக்கும், சரிதானே?

இல்லை. இந்த வாரமும் இதே கேள்வி நான்கு பேரிடமிருந்து வந்திருக்கிறது. அடுத்த இரண்டு எண்களையும் அதே மாதிரி படித்துப் பார்த்திருந்தால் உங்களுக்கே சந்தேகம் வந்திருக்கும்: அதே கால்வாசி நேரத்தில் 100% முடிந்துவிட்டது என்றல்லவா வரும்? ஒரே நொடியில் பத்தும் நூறும் எப்படி இருக்க முடியும்?

வளைவு தொடுவது (0,0), (1,1) என்ற இரண்டு முனைகளை மட்டும்தான். நீங்கள் எழுதும் இரண்டு புள்ளிகளும் வளைவை இழுத்துப் பிடிக்கும் கைப்பிடிகள், வளைவு பெரும்பாலும் அவற்றின் பக்கம் சாயுமே தவிர அவற்றைத் தொடாது. உண்மையில் `ease` கால்வாசி நேரத்தில் ஏறக்குறைய 41% தூரம் போய்விடுகிறது.

அப்படியானால் அந்த எண்களை எதற்குப் படிப்பது? வேகத்துக்கு. இரண்டாம் எண்ணை முதல் எண்ணால் வகுத்தால் கிளம்பும் வேகம், அதாவது சராசரி வேகத்தைப் போல எத்தனை மடங்கு என்பது. `ease`-க்கு 0.1 ÷ 0.25 = 0.4, மெதுவாகத்தான் கிளம்புகிறது. நிற்கும் வேகத்துக்கு (1 − நான்காம் எண்) ÷ (1 − மூன்றாம் எண்). நான்காவது 1 என்றால் விடை பூஜ்யம், அதாவது மெல்ல வந்து நிற்கும். புள்ளியின் இடத்தைப் படிக்காதீர்கள், முனையிலிருந்து அது எந்தச் சாய்வில் இருக்கிறது என்று பாருங்கள்.

கே: பக்கவாட்டுப் பேனலுக்கு `0.1, 0.9, 0.2, 1` போட்டேன். தொடக்கத்தில் குதிக்கிறது. கணினி மெதுவா?

கணினியைக் குறை சொல்லாதீர்கள். கால அளவையும் தூரத்தையும் எழுதாமல் வளைவை மட்டும் அனுப்பாதீர்கள் என்று எத்தனை முறை சொல்வது? மறுபடி எழுதிக் கேட்ட பிறகுதான் 400 மில்லிசெகண்ட், 300 பிக்சல் என்று தெரிந்தது.

0.9 ÷ 0.1 = 9. சராசரியைப் போல ஒன்பது மடங்கு வேகத்தில் கிளம்புகிறது. விநாடிக்கு 60 ஃப்ரேம் ஓடும் திரையில் ஒரு ஃப்ரேம் சுமார் 17 மில்லிசெகண்ட், அதற்குள்ளேயே பேனல் 95 பிக்சல் தாண்டிவிடுகிறது. மூன்றில் ஒரு பங்கு தூரத்துக்கு நடுவில் ஒரு படம்கூட இல்லை, கண் அதைக் குதிப்பாகத்தான் பார்க்கும். சாய்வை 3-க்கு இறக்குங்கள்:

```css
transition: transform 400ms cubic-bezier(0.2, 0.6, 0.2, 1);
```

இப்போது முதல் ஃப்ரேமில் 40 பிக்சல்தான். அப்போதும் பாதி நேரத்துக்குள் 90% வந்துவிடும், மிச்ச நேரமெல்லாம் மெல்ல அமர்வதற்கு. நீங்கள் விரும்பிய சுறுசுறுப்பு எங்கும் போகவில்லை.

கே: அதையே மூடும்போது அப்படியே திருப்பிப் போட எந்த எண்கள்?

ஒவ்வொன்றையும் 1-லிருந்து கழித்து, புள்ளிகளை இடம் மாற்றுங்கள். மேலே உள்ளது `0.8, 0, 0.8, 0.4` ஆகும்.

கே: `0.34, 1.56, 0.64, 1` போட்டால் 56% தாண்டிப் போய்த் திரும்புமா?

பார்த்தீர்களா, மறுபடி புள்ளியையே படிக்கிறீர்கள். தாண்டுவது சுமார் 10% மட்டும்தான், அதுவும் பாதி நேரம் கழிந்து கொஞ்சம் பிறகு. 300 பிக்சல் நகர்வில் 30 பிக்சல் தாண்டித் திரும்பும், கண்ணுக்கு நன்றாகவே தெரியும். இதை `opacity`-க்குப் போட்டுவிட்டு ஒன்றும் தெரியவில்லை என்று எழுதாதீர்கள், அது 1-க்கு மேல் போகாது. அப்புறம், பந்து மாதிரி நான்கைந்து முறை துள்ள வேண்டுமென்றால் ஒரு வளைவால் முடியாது, `linear()` பக்கம் போங்கள்.

கே: `@keyframes`-இல் ஐந்து நிலைகள், ஒவ்வொன்றிலும் நின்று நின்று போகிறது.

வளைவு மொத்த ஓட்டத்துக்கு அல்ல, இரண்டு நிலைகளுக்கு நடுவில் உள்ள ஒவ்வொரு துண்டுக்கும் தனித்தனியாக ஓடுகிறது. நடு நிலைகளை எடுத்துவிடுங்கள், இல்லையென்றால் அங்கே `linear` வையுங்கள்.