பங்கு ஏறியது, கொல் ஒப்ஷன் ஏன் இறங்கியது?

"கொழும்பிலிருந்து அமெரிக்க ஒப்ஷன்களில் வியாபாரம் செய்கிறேன். காலாண்டு முடிவு வருவதற்கு முன் கொல் வாங்கினேன். பங்கு ஏறியது, ஆனால் எனக்கு நட்டம். எப்படி?"

இறங்கியது IV, அதாவது பங்கு இனி எவ்வளவு அசையும் என்று ஒப்ஷன் விலைக்குள் சந்தை வைத்திருக்கும் கணிப்பு. வெள்ளவத்தையில் என் மச்சானும் இதே கேள்வியோடு வந்தான். அவனுக்குத் தாளில் போட்டுக் காட்டிய கணக்கையே இங்கே தருகிறேன். வட்டியைச் சேர்க்கவில்லை.

பங்கு 100 டொலர். 100 ஸ்ட்ரைக் கொல், அதாவது பங்கை 100 டொலருக்கு வாங்கும் உரிமை; காலாவதிக்கு 7 நாள், IV 80%. விலை சுமார் 4.42 டொலர் வரும். நியூயோர்க் சந்தை மூடிய பிறகு, நமக்கு நள்ளிரவு தாண்டிய நேரத்தில், முடிவு வெளியாகிறது. மறுநாள் பங்கு 103.

IV அதே 80% ஆக இருந்திருந்தால் கொல் 5.82 ஆகியிருக்கும். ஆனால் முடிவு தெரிந்தவுடன் 'என்ன வரப்போகிறதோ' என்ற நிலை போய்விடுகிறது. அதற்காக ஏற்றி வைத்த விலையும் போய்விடும். IV 35% ஆக விழுந்தால் கொல்லின் விலை 3.70 தான். பங்கு 3 டொலர் ஏறியும், ஒரு கொன்ட்ராக்டில் (100 பங்கு) 72 டொலர் நட்டம். இதில் ஒரு நாள் கழிந்ததற்கான தேய்மானம் சுமார் 33 சதம் மட்டுமே. IV விழுந்ததால் போனது 2.12 டொலர். பலர் தீட்டாவைத்தான், அதாவது இந்த நேரத் தேய்மானத்தைத்தான் திட்டுகிறார்கள். இங்கே அடித்தது வேகா, அதாவது IV மாறும்போது ஒப்ஷன் விலை மாறும் அளவு.

தீட்டா தன் வேலையைக் காட்டுவது வேறு இடத்தில். ஸ்ட்ரைக்குக்குப் பக்கத்தில் இருக்கும் ஒப்ஷனின் நேர மதிப்பு, மிச்ச நாட்களின் வர்க்கமூலத்தோடு நகரும். 100 டொலர் பங்கு அசையாமல், IV 35% ஆகவே நின்றால், 30ஆம் நாளிலிருந்து 29க்கு வரும்போது சுமார் 7 சதம் கரையும். 2 நாளிலிருந்து 1 நாளுக்கு வரும்போது 30 சதம் கரையும். ஸ்ட்ரைக்குக்கு வெகு தூரத்தில் உள்ள ஒப்ஷன்களுக்கு இது பொருந்தாது, அவற்றில் கரைய மிச்சம் இருக்காது.

காலாவதி நாளுக்கான லாப நட்டப் படம் இவை எதையும் காட்டாது. அதனால் வாங்கும் முன் ஒன்றைப் பாருங்கள்: அதே ஸ்ட்ரைக் கொல்லின் விலையையும், விற்கும் உரிமையான புட்டின் விலையையும் கூட்டினால் என்ன வருகிறது? இங்கே 8.84. இரண்டு பக்கமும் கிட்டத்தட்ட 9% அசைவை சந்தை முன்கூட்டியே விலையில் சேர்த்துவிட்டது. உங்கள் 3% அதற்கு எந்த மூலைக்கு! மறுநாளே போட்ட காசை எடுக்கவே பங்கு 104ஐ ஒட்டிப் போயிருக்க வேண்டும்.

பங்கு ஏறும் என்பதில் உறுதியாக இருந்தால், நான் 100 கொல்லை வாங்கி 105 கொல்லை விற்பேன். 105 கொல்லும் அன்று ஊதிப்போய்த்தான் இருக்கும், 2.46 கிடைக்கும். ஆக, கைவிட்டுப் போவது 1.96. மேலே சொன்ன அதே மறுநாளில் இந்த ஜோடியின் மதிப்பு 2.67, அதாவது 71 சதம் லாபம். பங்கு 105ஐத் தாண்டி எவ்வளவு பறந்தாலும் 5 டொலருக்கு மேல் கிடைக்காது, அதை ஏற்றுக்கொண்டுதான் இதில் இறங்க வேண்டும்.