பழுப்பு மச்சம் மகளுக்கு, கட்டி அப்பாவுக்கு: இரண்டையும் சேர்த்துப் பாருங்கள்

கேள்வி: என் மகளுக்கு நாலு வயது. பிறந்தபோது இடுப்பில் ஒரு பழுப்பு மச்சம் இருந்தது. இப்போது வயிறு, முதுகு, தொடை என்று எட்டு ஆகிவிட்டது. வலியோ அரிப்போ இல்லை. என் கணவருக்கு 35 வயது. இருபது வயதிலிருந்தே முதுகிலும் நெஞ்சிலும் மெத்தென்று சின்னச் சின்னக் கட்டிகள். கொழுப்புக் கட்டி என்று சொல்லி விட்டுவிட்டார்கள். கிரகணத்தன்று நான் வெளியே போனதால்தான் குழந்தைக்கு இப்படி என்கிறார் மாமியார். இரண்டாவது குழந்தையைப் பற்றி யோசிக்கிறோம். இவளுடைய மச்சத்துக்கும் அவருடைய கட்டிக்கும் சம்பந்தம் உண்டா?
– ஒரு வாசகி, கரூர்

பதில்: சம்பந்தம் இருக்க நிறையவே வாய்ப்பு இருக்கிறது, சகோதரி. இரண்டுக்கும் ஒரே மரபணு நோய் காரணமாக இருக்கலாம். அதனால் மகளோடு கணவரையும் தோல் மருத்துவரிடம் கூட்டிப் போங்கள். கிரகணத்துக்கும் இதற்கும் எந்தத் தொடர்பும் இல்லை. கர்ப்ப காலத்தில் நீங்கள் செய்த எதனாலும், செய்யாமல் விட்ட எதனாலும் இது வராது. மாமியாரிடம் இதைத் தயங்காமல் சொல்லலாம்.

இளம் பழுப்பு நிறத்தில் ஒன்றிரண்டு மச்சம் பல குழந்தைகளுக்கு இருக்கும். அதற்கு ஒரு அர்த்தமும் கிடையாது. எண்ணிக்கை கூடும்போதுதான் யோசிக்க வேண்டும். குழந்தையைக் குளிப்பாட்டியபின் பகல் வெளிச்சத்தில் நிற்க வைத்து, ஒரு ஸ்கேலால் ஒவ்வொன்றையும் அதன் நீளமான பக்கத்தில் அளந்து குறித்துக்கொள்ளுங்கள். ஓரம் தெளிவாக இருக்க வேண்டும், விரலால் தடவினால் மேடு தட்டக் கூடாது, தேமல் மாதிரி செதில் உதிரக் கூடாது. வயதுக்கு வராத பிள்ளைகளுக்கு 5 மில்லிமீட்டருக்கு மேல் ஆறு மச்சங்கள் இருந்தால் அதை அந்த நோயின் ஒரு அடையாளமாக எடுத்துக்கொள்கிறோம். பெரியவர்களுக்கு அதே கணக்கு 15 மில்லிமீட்டர். மாநிறமும் கறுப்பும் ஆன தோலில் இவை கொஞ்சம் அடர்ந்த பழுப்பாகத் தெரியும். பல பேர் பிறவி மச்சம்தானே என்று விட்டுவிடுகிறார்கள்.

அளந்து முடித்ததும் அக்குளையும் தொடை இடுக்கையும் பாருங்கள். வெயிலே படாத அந்த இடங்களில் கடுகளவுப் பழுப்புப் புள்ளிகள் கூட்டமாக இருந்தால் அது இன்னொரு வலுவான அடையாளம். இவை பெரும்பாலும் மூன்று முதல் ஐந்து வயதுக்குள் தலைகாட்டும். உங்கள் மகளுக்கு இதுதான் அந்த வயது. இன்று இல்லாவிட்டாலும் அடுத்த வருஷம் திரும்பப் பார்க்க வேண்டும்.

அப்புறம் கணவரின் கட்டிகள். கொழுப்புக் கட்டி தோலுக்கு அடியில் இருக்கும், விரலால் தள்ளினால் நழுவும், மேலே உள்ள தோல் அதோடு ஒட்டியிருக்காது. நான் சந்தேகப்படுவது வேறு. நரம்பைச் சுற்றியுள்ள உறையின் செல்கள் பெருகி வளரும் நியூரோஃபைப்ரோமா என்ற கட்டி அது. தோலோடு சேர்ந்தே இருக்கும். மேலிருந்து விரல்நுனியால் அழுத்தினால் பொத்தான் துளைக்குள் போவது போல உள்ளே இறங்கி, விரலை எடுத்ததும் மேலே வந்துவிடும். பெரும்பாலும் பதின்ம வயதுக்குப் பிறகு தொடங்கி, வயதாக ஆக எண்ணிக்கை கூடும். இப்படி இரண்டு இருந்தாலே அதுவும் ஒரு அடையாளம். அவருடைய சின்ன வயது மச்சங்கள் இந்நேரம் மங்கியிருக்கலாம். 'எனக்கு மச்சமே இல்லையே' என்று அவர் சொன்னால் அதை நம்பி நிறுத்திவிட வேண்டாம்.

இரண்டையும் இணைக்கும் அந்த நோயின் பெயர் நியூரோஃபைப்ரோமடோசிஸ் வகை 1. சுருக்கமாக என்.எஃப்.1 என்பார்கள். சுமார் 3,000 பேரில் ஒருவருக்கு இருக்கிறது. 17-ஆம் குரோமோசோமில் உள்ள ஒரு மரபணு பழுதாவதுதான் காரணம். செல்கள் அளவுக்கு மீறிப் பெருகாமல் பார்த்துக்கொள்ளும் புரதத்தை உண்டாக்கும் மரபணு அது. பாதிப் பேருக்குக் குடும்பத்தில் யாருக்கும் இல்லாமல் புதிதாகவே வருகிறது. சொந்தத்தில் கல்யாணம் செய்ததால் வருவதும் இல்லை. தொட்டால் ஒட்டுவதும் இல்லை.

அடையாளங்களில் இரண்டு சேர்ந்தால் பெரும்பாலும் நோய் உறுதி. ஆனால் அப்பாவுக்கோ அம்மாவுக்கோ ஏற்கெனவே உறுதியாகியிருந்தால் குழந்தைக்கு ஒன்றே போதும். எட்டு மச்சத்தில் குறைந்தது ஆறு 5 மில்லிமீட்டரைத் தாண்டினால் உங்கள் மகளின் பக்கம் அந்த ஒன்று வந்துவிட்டது. மீதி முடிவு கணவரின் உடம்பில் இருக்கிறது. அவருக்குக் கட்டியோடு அக்குள் புள்ளியும் இருந்தால், விலை கூடிய பரிசோதனை எதுவும் இல்லாமலே இருவருக்கும் விடை கிடைத்துவிடும். சந்தேகம் இருந்தால் கண் மருத்துவரிடம் போகலாம். தாடையை வைத்து உட்காரும் ஸ்லிட் லேம்ப் கருவியில் கருவிழியின் நிறமுள்ள வளையத்தைப் பார்ப்பார். அங்கே சின்னச் சின்னப் பழுப்பு முடிச்சுகள் தெரியும். பார்வைக்கு அவற்றால் கெடுதல் இல்லை. இந்த நோய் உள்ள பெரியவர்களில் அநேகமாக எல்லோருக்கும் இருப்பதால், கணவருக்கு நல்ல சோதனை இது.

ஒருவேளை அவருக்கு வெறும் கொழுப்புக் கட்டிதான் என்று தெரிந்தால்? அப்போது மகளுக்கு மச்சம் மட்டும்தான் மிஞ்சும். மச்சமும் அக்குள் புள்ளியும் மட்டுமே தரும், கட்டி வராத லீஜியஸ் சிண்ட்ரோம் என்ற லேசான நோயும் ஒன்று உண்டு. இரண்டையும் பிரித்துச் சொல்ல மரபணுப் பரிசோதனை தேவைப்படும்.

என்.எஃப்.1 என்று உறுதியானால் மகளுக்கு முதல் வேலை கண். கண் நரம்பில் வரக்கூடிய கட்டி பெரும்பாலும் ஏழு வயதுக்குள் தொடங்கும், அந்த வயதுக் குழந்தைக்குப் பார்வை மங்குவதைச் சொல்லத் தெரியாது. அதனால் வருஷம் ஒருமுறை குழந்தைகள் கண் மருத்துவர் பார்க்க வேண்டும். அறிகுறி எதுவும் இல்லாத குழந்தைக்கு வருஷா வருஷம் மூளை ஸ்கேன் அவசியமில்லை. ரத்த அழுத்தம், முதுகெலும்பின் வளைவு, கால் எலும்பு, தலைச் சுற்றளவு ஆகியவற்றைக் குழந்தை மருத்துவர் பார்த்துக்கொள்வார். பள்ளியில் கவனம் சிதறுவதும், எழுத்தும் கணக்கும் தடுமாறுவதும் இவர்களில் பாதிப் பேரிடம் உண்டு. அது தெரியாமல் சோம்பேறி என்று குழந்தையை அடிக்கிறார்கள். அதுதான் எனக்குப் பெரிய வேதனை. ஆசிரியரிடம் முன்கூட்டியே பேசிவிடுங்கள். மச்சத்துக்கு எந்தக் கிரீமும் பலன் தராது, காசைச் செலவழிக்க வேண்டாம்.

கணவருக்கு: ஏதாவது ஒரு கட்டி மட்டும் வேகமாக வளர்ந்தால், கெட்டியானால், தூக்கத்தைக் கெடுக்கும் அளவு வலித்தால் தள்ளிப்போடாமல் காட்டுங்கள். அபூர்வமாகக் கட்டி புற்றாக மாறும்போது வரும் அறிகுறிகள் இவை. திடீர் திடீரென்று தலைவலி, வியர்வை, படபடப்பு சேர்ந்து வந்தால் சிறுநீரகத்தின் மேல் உள்ள சுரப்பியில் கட்டி இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். உறுத்தும் கட்டிகளை எடுத்துவிடலாம், வேறு இடத்தில் புதிது வரலாம். மயக்க மருந்து கொடுத்து எதையும் எடுப்பதற்கு முன்னால் ரத்த அழுத்தத்தைக் கட்டாயம் பார்க்கச் சொல்லுங்கள்.

கணவருக்கு உறுதியானால், அடுத்த குழந்தைக்கு இது வர 50 சதவீத வாய்ப்பு. மகளுக்கு வந்துவிட்டது, அதனால் அடுத்ததற்கு வராது என்ற கணக்கு கிடையாது. ஒவ்வொரு கர்ப்பத்துக்கும் அதே பாதிதான், ஆணோ பெண்ணோ வித்தியாசமில்லை. அப்பாவுக்கு லேசாக இருப்பதால் பிள்ளைக்கும் லேசாகவே இருக்கும் என்றும் சொல்ல முடியாது. கணவரின் ரத்தத்தில் மரபணுவின் எந்த இடம் பழுது என்று முதலில் கண்டுபிடித்துவிட்டால், கர்ப்பத்தின் 11-வது வாரத்துக்குப் பிறகு நஞ்சுக்கொடித் திசுவை எடுத்தோ, 15-வது வாரத்துக்குப் பிறகு பனிக்குட நீரை எடுத்தோ குழந்தைக்கு அது இருக்கிறதா என்று பார்க்கலாம். இருக்கிறதா இல்லையா என்பதுதான் தெரியும், எவ்வளவு தீவிரம் என்பது தெரியாது. அதை வைத்து என்ன முடிவெடுப்பது என்பது உங்கள் இருவரின் உரிமை. வேலூர் சி.எம்.சி. போன்ற மரபியல் பிரிவு உள்ள மருத்துவமனையில் இருவரும் உட்கார்ந்து பேசுங்கள். ரத்தப் பரிசோதனை முடிவு வர வாரக்கணக்கில் ஆகும் என்பதால், அது கையில் கிடைத்தபிறகு கர்ப்பத்துக்கு முயற்சி செய்வது நல்லது.