11% தந்த ஃபண்ட் 14% தந்ததைவிட மேலா?

கேள்வி: இரண்டு ஃபண்ட் பார்த்து வைத்திருக்கிறேன். கடந்த ஐந்து வருட வருமானம் முதலாவதில் 34, -6, 26, 10, 6 சதவீதம், இரண்டாவதில் 17, 3, 17, 9, 9. சராசரி 14க்கு 11. ஆனால் ஷார்ப் விகிதம் முதலாவதற்கு 0.5, இரண்டாவதற்கு 0.83 என்று போட்டிருக்கிறது. குறைவாகக் கொடுத்ததற்கு எப்படி அதிக மார்க்? பாதிப் பாதி போட்டால் ரிஸ்க் குறையுமா? (டெபாசிட்டில் போட்டிருந்தால் 6% வந்திருக்கும்.)

பதில்: அந்த 6 சதவீதத்தை நீங்களே எழுதியது நல்லதாகப் போயிற்று, கணக்கு அங்கேதான் ஆரம்பிக்கிறது. அது எந்த ரிஸ்க்கும் எடுக்காமல் கிடைக்கிற பணம் என்பதால் அதற்கான பெருமை எந்த ஃபண்டுக்கும் போகக்கூடாது. அதைக் கழித்தால் முதலாவது உண்மையில் சம்பாதித்துத் தந்தது 8, இரண்டாவது 5.

அடுத்து, இந்த 8க்காகவும் 5க்காகவும் நீங்கள் எவ்வளவு ஆட்டம் தாங்க வேண்டியிருந்தது என்று பார்க்க வேண்டும். முதல் ஃபண்டில் ஒவ்வொரு வருடமும் சராசரியான 14இலிருந்து எவ்வளவு விலகியது என்று எடுங்கள்: 20, -20, 12, -4, -8. ஒவ்வொன்றையும் வர்க்கம் செய்து கூட்டினால் 1024, அதை நான்கால் (வருட எண்ணிக்கையில் ஒன்று குறைத்து) வகுத்தால் 256, அதன் வர்க்கமூலம் 16. இதுதான் திட்டவிலக்கம். இரண்டாவதற்கும் இதேபோல் செய்தால் 6 வரும். இனி வகுத்தால் போதும்: 8 ÷ 16 = 0.5, 5 ÷ 6 = 0.83. அதாவது தாங்கிய ஒவ்வொரு 1% ஆட்டத்துக்கும் முதலாவது அரை சதவீதம் கூடுதல் வருமானம் கொடுத்தது, இரண்டாவது 0.83 சதவீதம். வில்லியம் ஷார்ப் 1966இல் முன்வைத்த அளவுகோல் இவ்வளவுதான்.

சரி, 'அதனால் என்ன, கையில் வந்தது 14 ஆயிற்றே' என்று தோன்றும். இரண்டையும் ஒரே ஆட்டத்துக்குக் கொண்டுவந்து பாருங்கள். முதல் ஃபண்டில் 37.5 சதவீதப் பணத்தை மட்டும் போட்டு, மீதியை 6% டெபாசிட்டில் வைத்தால் மொத்தத்தின் ஆட்டம் 16இலிருந்து 6ஆக இறங்கிவிடும், ஆனால் வருமானமும் 9 சதவீதமாகிவிடும். அதே 6 அளவு ஆட்டத்துக்கு இரண்டாவது ஃபண்ட் 11 கொடுத்திருக்கிறது. அந்த 2% இடைவெளியைத்தான் ஷார்ப் விகிதம் உங்களுக்குக் காட்டுகிறது.

இதையே தலைகீழாகச் செய்ய முடியுமா என்றால், அங்கேதான் இந்த எண் நம்மைக் கைவிடுகிறது. இரண்டாவது ஃபண்டிலிருந்து 14% எடுக்க, 6% வட்டிக்குக் கடன் வாங்கி அதிலேயே கூடுதலாகப் போட வேண்டும். காகிதத்தில் அது சரியாக வரும், ஆனால் டெபாசிட் வட்டிக்கு நமக்கு யாரும் கடன் தரமாட்டார்கள், தந்தாலும் நான் வாங்கச் சொல்லமாட்டேன். ஆகவே உங்கள் இலக்குக்கு 11% பத்தவே பத்தாது, பணமும் இன்னும் ரொம்ப வருடத்துக்குத் தேவைப்படாது என்றால், விகிதம் குறைவு என்பதற்காக மட்டும் முதலாவதைத் தள்ளிவிடாதீர்கள்.

இன்னொரு விஷயம், இதை நான் ரொம்ப அழுத்திச் சொல்வேன்: ஐந்து வருடம் மிகக் குறைவு. ஐந்து எண்களை வைத்துப் போட்ட ஷார்ப் விகிதத்தில் ஏறக்குறைய 0.5 இந்தப் பக்கமோ அந்தப் பக்கமோ தற்செயலாகவே நகரலாம். 0.5க்கும் 0.83க்கும் உள்ள வித்தியாசம் அதற்குள்ளேயே அடங்கிவிடுகிறது. மாதக் கணக்கை எடுத்தால் சரியாகிவிடும் என்று சிலர் நினைக்கிறார்கள், ஆட்டத்தைத் துல்லியமாக அளக்க அது உதவும்தான், ஆனால் சராசரி வருமானத்தை நம்புவதற்கு வருடங்கள்தான் கூட வேண்டும். கிடைத்தால் இரண்டுக்கும் ஒரே பத்து, பதினைந்து வருட எண்ணை எடுத்து ஒப்பிடுங்கள். இரண்டாவது ஃபண்ட் எதில் பணம் போடுகிறது என்றும் பாருங்கள், ஏனென்றால் சந்தையில் அன்றாடம் விலை போகாத சொத்துகளை வைத்திருக்கும் ஃபண்ட், விலை அடிக்கடி மாறாததாலேயே ஆட்டமில்லாதது போலத் தெரியும், அதனால் விகிதமும் ஊதிப் பெரிதாகும்.

பாதிப் பாதி போடுவதற்கு வருகிறேன். உங்கள் எண்களையே கலந்தால் 25.5, -1.5, 21.5, 9.5, 7.5 வருகிறது. சராசரி 12.5, ஆட்டம் கிட்டத்தட்ட 11, விகிதம் 0.59. 16க்கும் 6க்கும் நடுவே இருப்பதும் 11தான், ஆகக் கலந்ததால் ஆட்டம் தனியாக எதுவும் குறையவில்லை. இரண்டும் ஒரே வருடங்களில் ஏறி ஒரே வருடங்களில் தளர்ந்திருப்பதுதான் காரணம். இரண்டும் இப்படிச் சேர்ந்தே ஏறி இறங்காமல் போதுமான அளவு தனித்தனியாக நகர்ந்தால்தான் கலவையின் விகிதம் தனித்தனி விகிதங்களைத் தாண்டும், அப்படி ஒரு ஃபண்ட் உங்கள் பட்டியலில் இப்போதைக்கு இல்லை. மூன்று வருடத்துக்குள் தேவைப்படும் பணமாக இருந்தால் முதலாவதைத் தொடவேண்டாம். அதற்கு மேல் என்றால், நீண்ட கால எண்ணைப் பார்த்துவிட்டு, ஒரு வருடத்தில் எத்தனை சதவீதம் குறைந்தால் நீங்கள் விற்றுவிட்டு வெளியேறுவீர்கள் என்பதையும் சேர்த்து எழுதுங்கள், எந்த அளவில் பிரிப்பது என்று அதை வைத்துச் சொல்கிறேன்.