காட்சி மாறும் இடமெல்லாம் இழுக்கிறது

“24 எஃப்பிஎஸ் அனிமேஷன் குறும்படம். எல்லாக் காட்சி மாற்றத்திலும் ஒரு விநாடி டிசால்வ் போட்டும் படம் இழுக்கிறது, என்ன செய்ய?”

ஒரு காட்சி மங்கி அடுத்தது தெளியும் டிசால்வை எல்லாம் எடுத்துவிட்டு நேர் கட் போடுங்கள், அப்புறம் ஒவ்வொரு ஷாட்டின் தலையிலும் வாலிலும் 6 முதல் 10 ஃபிரேம் வெட்டிப் பாருங்கள்.

இழுவை பெரும்பாலும் அங்கேதான் இருக்கும். அனிமேட் செய்யும்போது பாத்திரம் சும்மா நிற்பதில் தொடங்கி, மறுபடி நிற்பதில்தான் முடிக்கிறோம். இரண்டு ஷாட்டை ஒட்டினால் அரை விநாடிக்கு மேல் எதுவுமே அசையாது, டிசால்வ் அந்தச் சோம்பலைத்தான் மங்கலாக்கிக் காட்டும்.

ஒரு பெண் கதவைச் சாத்திவிட்டுத் தெருவுக்கு வருகிறாள் என்று வையுங்கள். கதவு முழுக்கச் சாத்தும்வரை காத்திருக்காமல் பாதிக்கு மேல் வந்ததும் வெட்டி, தெரு ஷாட்டை அவள் கால் ஏற்கெனவே தரையை விட்டு எழும்பிய ஃபிரேமில் தொடங்குங்கள். கதவின் ‘டப்’ சத்தம் தெரு ஷாட்டின்மேல் விழட்டும், கண் கவனிக்கும் முன்பே காது இரண்டு ஷாட்டையும் ஒட்டிவிடும்.

சோதிக்க, கட்டுக்கு இருபுறமும் ஒவ்வொரு ஃபிரேமாக நகர்த்துங்கள். டூஸில், அதாவது இரண்டு ஃபிரேமுக்கு ஒரு படம் என்று வரைந்திருந்தால், ஒரே படம் 2 ஃபிரேம் வருவது சரிதான். ஆறேழு வந்தால் வெட்டலாம்.

முகபாவம் பதிய வேண்டிய ஷாட்டின் வாலை மட்டும் தொடாதீர்கள். பொழுது கடந்ததைக் காட்டும் இடத்தில் டிசால்வ் இருக்கட்டும்.