வகுப்பில் வெறித்துப் பார்க்கும் மகள்

"ஏற்காடு மலைப்பாதையில் பைக் விபத்துக்கு அப்புறம், என் 8 வயது மகள் வகுப்பில் வெறித்தபடி உட்கார்ந்துவிடுகிறாள். கவனக்குறைவு என்கிறார் டீச்சர். சரியா?"

எனக்கு அப்படித் தோன்றவில்லை. விபத்துக்கு முன் இல்லாத பழக்கம் என்றால், பயம் தாங்காமல் மனம் விலகிக்கொள்வதாக இருக்கலாம். கவனம் சிதறும் பிள்ளை ஜன்னலில் குருவியைப் பார்க்கும்; பெயர் சொன்னால் திரும்பிவிடும். இப்படி விலகிப்போன பிள்ளை மீள நேரமெடுக்கும். நடுவில் நடந்தது நினைவில்லாமல் போகலாம், 'கனவு மாதிரி இருந்தது' என்றும் சொல்லலாம்.

ஒவ்வொரு முறையும் அவள் வெறிப்பதற்குச் சற்று முன் என்ன நடந்தது என்று ஒரு வாரம் டீச்சரைக் குறிக்கச் சொல்லுங்கள். ஹாரன், பிரேக் சத்தம், அதட்டல் என்று ஒன்றே திரும்பத் திரும்ப வந்தால் பிடி கிடைத்துவிடும். அந்த நேரத்தில் உலுக்க வேண்டாம்; மெதுவாகப் பேசி, பாதத்தைத் தரையில் அழுத்தச் சொல்லுங்கள்.

பேச்சின் நடுவே சில விநாடி நின்று, இமை துடித்து, உடனே பழையபடி தொடர்ந்தால் வலிப்பாகவும் இருக்கலாம். அதனால் சேலத்தில் குழந்தை மருத்துவரிடம் முதலில் காட்டிவிடுங்கள்.